அக்கா மகன் கொடுத்த பணத்துக்கு வரி உண்டா?

கேள்வி: என் பெண் கல்யாணத்துக்காக அக்கா மகன் 3 லட்சம் ரூபாயை என் அக்கவுண்ட்டில் போட்டிருக்கிறான். சொந்தக்காரர் கொடுத்தால் வரி இல்லை என்கிறார்களே, சரிதானே?

இந்தப் பணத்துக்கு வரி உண்டு. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து தருவது என் தொழில். இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது, பதிலைக் கேட்டு நம்ப மறுப்பவர்களே அதிகம்.

நமக்கு யாரெல்லாம் சொந்தமோ அவர்களெல்லாம் சட்டத்துக்கும் சொந்தம் இல்லை. அதில் ஒரு பட்டியல் இருக்கிறது. அதையும் பணம் வாங்குகிறவர் பக்கத்திலிருந்துதான் பார்க்க வேண்டும். உங்கள் மனைவி, உங்களுடைய, மனைவியுடைய கூடப்பிறந்தவர்கள், உங்கள் அப்பா அம்மாவின் கூடப்பிறந்தவர்கள், இரண்டு பக்கத்திலும் நேர்வழியில் மேலே பெற்றோர், தாத்தா பாட்டி, கீழே பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், அப்புறம் இவர்களுடைய கணவன் மனைவிமார். அவ்வளவுதான். கூடப்பிறந்தவர்களின் பிள்ளைகள் இதில் இல்லை.

அதனால் தாய்மாமனான நீங்கள் அவனுக்கு 3 லட்சம் கொடுத்தால் வரி கிடையாது. அவனுக்கு நீங்கள் அம்மாவின் தம்பி, பட்டியலில் இருக்கிறீர்கள். அவன் உங்களுக்குக் கொடுத்தால், சட்டத்தின் கண்ணில் அவன் வெளி ஆள்.

வெளி ஆட்கள் எல்லோரிடமிருந்தும் சேர்த்து ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாய் வரை வாங்கினால் வரி இல்லை. அதைத் தாண்டினால் மிச்சத்துக்கு மட்டும்தான் வரி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, முழுத் தொகையும் இதர வருமானமாகிவிடும். நீங்கள் 30 சதவீத வரி கட்டுகிறவர் என்றால் 3 லட்சத்துக்கு 90,000, அதன் மேல் 4 சதவீத செஸ், ஆக 93,600 ரூபாய் போகும்.

எனக்கு வருத்தம் என்னவென்றால், இதே பணத்தை அவன் கல்யாணப் பரிசாக உங்கள் பெண்ணின் அக்கவுண்ட்டில் போட்டிருந்தால் ஒரு பைசா வரி வந்திருக்காது. கல்யாணத்தை ஒட்டி மணமக்களுக்கு வரும் பரிசுக்கு, யார் கொடுத்தாலும், எவ்வளவு கொடுத்தாலும் விலக்கு உண்டு. பெண்ணைப் பெற்றவருக்கு வரும் பணத்துக்கு அந்த விலக்கு இல்லை. இனிமேல் அவன் ஏதாவது தருவதாக இருந்தால் அவள் அக்கவுண்ட்டுக்கே போகட்டும், கல்யாணப் பத்திரிகை ஒன்றையும் பத்திரமாக எடுத்து வையுங்கள்.

அக்கா வழியாக வாங்கினால் என்ன என்று அடுத்து கேட்பீர்கள். அவன் அம்மாவுக்குக் கொடுத்தால் வரி இல்லை, அக்கா உங்களுக்குக் கொடுத்தாலும் இல்லை. ஆனால் காலையில் அவர் அக்கவுண்ட்டில் விழுந்து மாலையில் அதே தொகை உங்களுக்கு வந்தால், வரியைத் தவிர்க்கச் செய்த ஏற்பாடு என்று அதிகாரி கேள்வி கேட்க இடம் இருக்கிறது. அதை நான் யாருக்கும் சொல்லித் தருவதில்லை.

ஒருவேளை அவன் இதைக் கைமாற்றாகத்தான் கொடுத்தான், நீங்கள் திருப்பித் தரப்போகிறீர்கள் என்றால் விஷயம் வேறு. கடன் வருமானம் ஆகாது. அது உண்மையாக இருந்தால் மட்டும், தொகையையும் எப்போது திருப்புவீர்கள் என்பதையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள், பணத்தை வங்கி மூலமாகவே திருப்புங்கள். பரிசுதான் என்றால், இந்த ஆண்டுக் கணக்கில் இதர வருமானமாகக் காட்டி வரியைக் கட்டிவிடுங்கள்.