மெஸ் விலை ஏறினால் மகளுக்கு 1,200 கூடுதலா, 1,000 கூடுதலா?

கேள்வி: வெளியூர் விடுதியில் தங்கிப் படிக்கும் மகளுக்கு மாதம் 6,000 ரூபாய் அனுப்புகிறேன். மெஸ்ஸில் ஒரு சாப்பாடு 50 ரூபாயாக இருந்தது. மாதம் 60 சாப்பாடு, 3,000 ரூபாய். மீதி 3,000 டிபன், பஸ், போன் என்று மற்றதுக்கு. இப்போது சாப்பாடு 72 ரூபாய். போன மாதமும் மெஸ்ஸுக்கு 3,000 தான் கொடுத்தாளாம், அதாவது 41, 42 சாப்பாடுதான். மாதம் 1,100 ரூபாய் கட்டி பாஸ் எடுத்தால் பழைய 50 ரூபாய்க்கே தருவார்களாம். பொருளாதாரம் படிக்கும் என் மகன் கணக்குப் போட்டு, இழப்பு ஒரு விதத்தில் 1,200, இன்னொரு விதத்தில் 1,000 என்கிறான். ஒரே விலை ஏற்றத்துக்கு எப்படி இரண்டு விடை? பாஸ் எடுக்கலாமா?

பதில்: உங்கள் மகன் போட்ட இரண்டு கணக்கும் சரி. அவை இரண்டு வேறு கேள்விகளுக்கான விடைகள், அவ்வளவுதான். பாஸ் விஷயத்தில் எந்த விடையை எடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மகன் பயன்படுத்தியது மிக எளிய பயன்பாட்டுச் சார்பாக, அதாவது ஒருவருக்குக் கிடைக்கும் திருப்தியை ஒப்பிட உதவும் சூத்திரமாக, இருக்க வேண்டும்: U = x × y. இதில் U என்பது அந்தத் திருப்தி, x என்பது மாதச் சாப்பாட்டு எண்ணிக்கை, y என்பது மற்றதுக்குச் செலவிடும் ரூபாய். இந்தச் சார்பு உள்ளவர் எந்த விலையிலும் கையிலிருப்பதில் பாதியைச் சாப்பாட்டுக்கும் பாதியை மற்றதுக்கும் ஒதுக்குவார். விலை ஏறிய பிறகும் உங்கள் மகள் மெஸ்ஸுக்கு அதே 3,000 கொடுத்திருப்பதால் இது அவருக்குப் பொருந்துகிறது என்றே எடுத்துக்கொள்ளலாம்.

பழைய நிலையில் 60 × 3,000 = 1,80,000. இப்போது 3,000 ரூபாய்க்கு 41.67 சாப்பாடுதான் வருகிறது, 41.67 × 3,000 = 1,25,000. இந்த எண்களுக்குத் தனியாக எந்த அர்த்தமும் இல்லை, 1,80,000 என்பது இன்பத்தின் எடை அல்ல. எது மேல், எது கீழ் என்று ஒப்பிட மட்டுமே உதவும். அதனால்தான் அந்தச் சரிவை ரூபாயாக மாற்ற வேண்டியிருக்கிறது. மாற்றுவதற்கு இரண்டு வழி உண்டு.

முதல் வழி, 72 ரூபாய் விலையை ஏற்றுக்கொண்டு கேட்பது: மகளைப் பழைய 1,80,000-க்குத் திரும்பக் கொண்டுவர எவ்வளவு கூடுதலாகக் கொடுக்க வேண்டும்? 7,200 ரூபாய் கையில் இருந்தால் 3,600-க்கு 50 சாப்பாடு, மற்றதுக்கு 3,600. பெருக்கினால் சரியாக 1,80,000. ஆக 1,200 ரூபாய். இதுதான் ஈடுசெய் மாறுபாடு, ஆங்கில வழியில் படிப்பவர்கள் சொல்லும் காம்பன்சேட்டிங் வேரியேஷன்.

இரண்டாவது வழியில் விலை ஏறவே இல்லை என்று வைத்துக்கொள்கிறோம். பழைய 50 ரூபாயிலேயே மகளின் பணத்தில் எவ்வளவு பிடுங்கினால் இன்றைய 1,25,000-க்கு இறங்குவார்? 5,000 மட்டும் கொடுத்தால் 2,500-க்கு 50 சாப்பாடு, மற்றதுக்கு 2,500. பெருக்கினால் 1,25,000. ஆக 1,000 ரூபாய். இது சமான மாறுபாடு, ஈக்விவலன்ட் வேரியேஷன். இரண்டையும் வகுத்துத் தந்தவர் பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் ஜான் ஹிக்ஸ், 1972-ல் நோபல் பரிசு பெற்றவர்.

குழப்பம் வருவது பெரும்பாலும் விலையை மாற்றிப் போடுவதால்தான். ஈடுசெய் மாறுபாட்டில் பழைய பயன்பாடு, புதிய விலை. சமான மாறுபாட்டில் புதிய பயன்பாடு, பழைய விலை. விடை வந்ததும் இப்போது செய்ததுபோல் பெருக்கிப் பாருங்கள். குறி வைத்த எண் வரவில்லையென்றால் எங்கோ விலை மாறியிருக்கிறது.

வீட்டில் நாம் சாதாரணமாகப் போடும் கணக்கு மூன்றாவது ஒன்று: 60 சாப்பாடு, ஒவ்வொன்றுக்கும் 22 ரூபாய் கூட, மொத்தம் 1,320. இதைக் கொடுத்தால் மகள் பழையபடி 60 சாப்பாடு வாங்க முடியும். ஆனால் வாங்க மாட்டார். 7,320-ஐப் பாதியாகப் பிரித்தால் 50.83 சாப்பாடும் 3,660 ரூபாயும். பெருக்கினால் சுமார் 1,86,000. சாப்பாடு விலை கூடியதால் கொஞ்சத்தைக் குறைத்து மற்றதில் ஈடுகட்டிக்கொள்கிறார், அதனால் பழைய நிலையைவிட மேலேயே போய்விடுகிறார். நீங்கள் 120 ரூபாய் அதிகம் கொடுத்தது போல. (அப்பா கொடுத்தால் தப்பா என்று கேட்டால், அது வேறு விஷயம்.)

1,200-க்கும் 1,000-க்கும் 200 ரூபாய் வித்தியாசம் எதனால்? பணம் குறைந்தால் உங்கள் மகள் சாப்பாட்டுக்கு ஒதுக்குவதும் குறைகிறது, கூடினால் கூடுகிறது. அதனால் 50 ரூபாய் விலை அவருக்கு எவ்வளவு பெறும் என்பது கையில் இருக்கும் பணத்தைப் பொறுத்து மாறுகிறது. இங்கே பாதி வருமானம் ஒரே பொருளில் போவதால் இடைவெளி பெரிதாகத் தெரிகிறது. இதே 44 சதவீத ஏற்றம் வருமானத்தில் 5 சதவீதம் மட்டும் போகும் ஒரு பொருளுக்கு வந்திருந்தால், இதே வகைச் சார்பில் இரண்டும் ஏறக்குறைய 110, 108 ரூபாய் என்று ஒட்டிக்கொண்டு நிற்கும். அப்போது எதை எடுத்தாலும் சண்டை இல்லை. மறுபுறம், பட்டினி கிடக்க முடியாது, என்ன ஆனாலும் 60 சாப்பாடு வேண்டும் என்பவர் மகள் என்றால் இந்தச் சார்பே பொருந்தாது. அவருக்கு இரண்டுமே 1,320 தான். அதனால் இன்னும் ஓரிரண்டு மாதம் மெஸ் செலவைக் கேட்டுப் பாருங்கள். 3,000-ஐ ஒட்டி நின்றால் மேலே சொன்ன கணக்கு நிற்கும். 4,000-ஐத் தாண்டினால் 1,320 பக்கம் சாயுங்கள்.

இனி பாஸ். நீங்கள் அதே 6,000 மட்டும் அனுப்பி, மகளே அதிலிருந்து 1,100 கட்டுவதென்றால் வேண்டாம். விலை ஏற்றத்தைத் தவிர்க்க அவர் அதிகபட்சம் கொடுக்கக்கூடியது சமான மாறுபாடுதான், அதாவது 1,000. போட்டுப் பாருங்கள்: மிஞ்சும் 4,900-ல் 49 சாப்பாடு, மற்றதுக்கு 2,450; பெருக்கினால் 1,20,050. பாஸ் இல்லாமல் இருப்பதைவிடக் கீழே. 1,200 இழப்பு என்று நினைத்து, 1,100 தானே என்று எடுத்தால் நஷ்டம்.

ஆனால் மகளைப் பழைய நிலைக்கே கொண்டுவந்துவிடுவது என்று நீங்கள் முடிவு செய்திருந்தால் விடை தலைகீழாகிறது. பாஸ் இல்லாமல் அதற்கு 1,200 ரூபாய் ஆகும். பாஸுக்கான 1,100-ஐ நீங்கள் அனுப்பிவிட்டால் அவர் கையில் 6,000 அப்படியே நிற்கும், சாப்பாடும் 50 ரூபாய், மீண்டும் 60 சாப்பாடும் 3,000-மும். உங்களுக்கு மாதம் 100 மிச்சம். இதில் கவனிக்க வேண்டியது விடுமுறை மாதங்கள்தான்: மகள் பாதி மாதம் ஊரில் இருந்தாலும் 1,100 முழுதாகப் போகும் என்றால் அந்த மாதம் பாஸ் கட்டுப்படியாகாது. ஒவ்வொரு மாதமும் நிறுத்திக்கொள்ள முடியுமா என்று மெஸ்ஸில் கேட்டுவிட்டுப் பணம் கட்டச் சொல்லுங்கள்.