பாதி மட்டும் எழுதிய அட்டை

வணக்கம். மேசையில் ஆடுவதற்கு ஒரு கொள்ளை விளையாட்டு உருவாக்கிக்கொண்டிருக்கிறேன். ஆட்டக்காரர்கள் முதலில் திட்டம் போடுவார்கள், தந்திரங்களை அட்டைகளில் எழுதிக் கவிழ்த்து வைப்பார்கள், சிக்கல் வரும்போது ஃபிளாஷ்பேக்கில் ஒவ்வொன்றாகத் திறப்பார்கள். ஆடிப் பார்த்தால் திட்டம் போடவே ஒரு மணி நேரம் போய்விடுகிறது. எழுதியதில் பாதிக்கு மேல் பயன்படுவதே இல்லை. சரி, எழுத வேண்டாம், ஃபிளாஷ்பேக்கில் எதை வேண்டுமானாலும் சொல்லலாம் என்று விட்டால், எந்தத் தடையும் தடையாக இல்லை. திட்டமிடும் பகுதியை எடுத்துவிடலாமா?
— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

எடுக்க வேண்டாம். அட்டையில் எழுதுவதைப் பாதியாகக் குறையுங்கள்.

உங்கள் ஆட்டக்காரர்கள் ஒரு மணி நேரம் பேசுவதற்குக் காரணம் அவர்களுக்குப் போதிய தகவல் இல்லாததுதான். கதையில் வரும் திருடன் அந்தக் கட்டடத்தை மாதக்கணக்கில் நோட்டம் விட்டவன். யார் எப்போது டீ குடிக்கப் போவார், எந்தக் கதவு இழுத்தால்தான் மூடும் என்று அவனுக்குத் தெரியும். அவனாக நடிக்கும் ஆட்டக்காரருக்கு முன்னால் இருப்பது ஒரு வரைபடமும் நீங்கள் சொன்ன நான்கு வரிகளும்தான். அதை வைத்துக்கொண்டு முழுத் தந்திரத்தையும் எழுதச் சொன்னால் அவர் ஊகித்துத்தான் எழுத முடியும். பாதி ஊகம் வீணாகத்தான் போகும்.

முன்கூட்டிய திட்டத்தைக் கிட்டத்தட்ட முழுதாகவே கைவிட்ட ஒரு விளையாட்டும் உண்டு. 2017இல் வெளிவந்த ‘பிளேட்ஸ் இன் தி டார்க்’கில், எந்த வகையான திட்டம் என்று தேர்ந்தெடுத்து ஒரேயொரு விவரத்தைச் சொன்னால் போதும், நேராகக் களத்தில் இறங்கிவிடலாம். மற்ற ஏற்பாடெல்லாம் ஃபிளாஷ்பேக்கில்தான். அங்கே தடை தடையாகவே நிற்பதற்குக் காரணம், ஃபிளாஷ்பேக்குக்கு விலை இருப்பது. எளிதாகச் செய்திருக்கக்கூடிய ஏற்பாடு இலவசம். கொஞ்சம் சிக்கலானதற்கு ஒரு அழுத்தப் புள்ளி. பெரிய ஏற்பாட்டுக்கு இரண்டோ அதற்கு மேலோ. ஒரு புள்ளிக்கு ஒரு கட்டம் நிரம்பும். ஒருவருக்கு மொத்தம் 9 கட்டங்கள்தான், அவை நிரம்பினால் அந்தப் பாத்திரம் களத்தை விட்டே போய்விடும். இந்த விலையை நீங்களும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் உங்கள் விளையாட்டில் முன்பே யோசித்து வைத்ததற்கு மதிப்பு இருக்க வேண்டும் என்பது உங்கள் ஆசை. அதற்கு விலை மட்டும் போதாது.

அட்டையில் இரண்டு விஷயங்களை மட்டும் எழுதச் சொல்லுங்கள்: எந்த இடம் அல்லது எந்த ஆள், அங்கே எப்படி நுழைந்தேன். என்ன செய்தேன் என்பதை எழுதக் கூடாது. ‘இரவுக் காவலர், ஒரு மாதப் பழக்கம்.’ ‘சரக்கு லிஃப்ட், பழுது பார்க்கும் ஆளாக.’ அவ்வளவுதான். ஆட்டத்தில் அந்த இடமோ ஆளோ காட்சிக்குள் வரும்போது அட்டையைத் திறந்து, செய்ததைச் சொல்லலாம். எங்கே கை வைத்தோம் என்பதில் ஆட்டக்காரர் முன்பே கட்டுப்பட்டுவிடுகிறார். தந்திரம் மட்டும் அந்தக் கணத்துக்கு ஏற்றபடி பிறக்கிறது. எழுத இவ்வளவுதான் என்பதால் திட்டமிட பதினைந்து நிமிடம் போதும்.

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். அருங்காட்சியகத்தின் இரண்டாம் மாடியில் ஒரு கழுத்தணி. வேடம் போடுபவரிடம் அந்த இரவுக் காவலர் அட்டை இருக்கிறது. குழு மாடி ஏறுகிறது. ஆட்டத்தை நடத்தும் நீங்கள் சொல்கிறீர்கள்: “நாற்காலியில் இருப்பது அவர் இல்லை. இன்று வேறொரு ஆள்.”

இப்போது அட்டையைத் திறந்து “இந்தப் புது ஆளுக்கும் பணம் கொடுத்துவிட்டேன்” என்றால் செல்லாது. அட்டை பழைய காவலரைப் பற்றியது. “இல்லை, பழையவர்தான் இருக்கிறார்” என்பதும் செல்லாது. புது ஆள் உட்கார்ந்திருப்பதை எல்லோரும் பார்த்தாயிற்று. நடந்ததை ஃபிளாஷ்பேக்கால் அழிக்க முடியாது, அதன் அர்த்தத்தை மாற்றலாம். இந்த ஒரு விதியைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

அப்படியானால் அவருக்கு என்ன வழி? சின்னதாகப் போகலாம்: “மாற்று ஆட்கள் யாரும் இரண்டு மணி ரோந்துக்கு எழுந்திருப்பதில்லை என்று பழையவர் புலம்பியிருக்கிறார்.” வெறும் தகவல், இலவசம். நடுத்தரமாக: “அவருடைய சாவிக் கொத்தை ஒரு நாள் வாங்கி அச்சு எடுத்துவிட்டேன்.” ஒரு புள்ளி. பெரிதாக: “அவரை இன்று விடுப்பு எடுக்க வைத்ததே நான்தான். உட்கார்ந்திருப்பவர் நம் ஆள்.” இது இரண்டு புள்ளி, கூடவே பகடை. மேசையில் எல்லோரும் நிமிர்ந்து உட்காரும் இடம் இதுதான். சிக்கல் என்று நினைத்ததே ஏற்பாடாக மாறுகிறது, சொன்ன ஒரு வார்த்தையும் பொய்யாகவில்லை.

பகடையில் தோற்றால் “நம் ஆள் இல்லை” என்று சொல்லிவிடாதீர்கள். அட்டையும் போய், காட்சியும் செத்துவிடும். அவர் நம் ஆள்தான், ஆனால் பயந்துபோய் யாரிடமோ உளறியிருக்கிறார். ஏற்பாடு நிற்கட்டும், அதோடு புதிய தொல்லை ஒன்று ஒட்டிக்கொள்ளட்டும்.

இதெல்லாம் ஓட வேண்டுமானால் நீங்கள் தடையைச் சொல்லும் விதமும் மாற வேண்டும். கண்ணுக்கும் காதுக்கும் தெரிவதை மட்டும் சொல்லுங்கள், காரணத்தைச் சொல்லாதீர்கள். “வேறொரு ஆள்” என்று நிறுத்தினால் அது ஏன் என்ற கேள்வி ஆட்டக்காரருக்குக் கிடைக்கிறது. “உங்கள் ஆளைச் சந்தேகப்பட்டு நிர்வாகம் மாற்றிவிட்டது” என்றால் அந்தக் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிவிட்டீர்கள், அட்டைக்கு நுழைய இடமில்லை. நன்றாக நடத்துபவர்கள்கூட இதில் சறுக்குவார்கள், ஏனென்றால் காரணம் சொல்வது அவ்வளவு சுவாரசியமான வேலை.

ஃபிளாஷ்பேக் காட்சி இரண்டு மூன்று நிமிடத்தில் முடிய வேண்டும். ஒரே இடம், ஒரே உரையாடல். எதிரே இருக்கும் காவலராக இன்னொரு ஆட்டக்காரரைப் பேச வையுங்கள், அப்புறம் யாரும் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

சோதனை ஆட்டம் முடிந்ததும் திறக்காத அட்டைகளைத் திருப்பிப் பாருங்கள். எண்ணிக்கையைவிட அவற்றில் என்ன எழுதியிருக்கிறது என்பது முக்கியம். எல்லாம் பெட்டகத்தைப் பற்றியே இருந்தால், உங்கள் வரைபடம் பெட்டகத்தைப் பற்றி அதிகமாகப் பேசி மற்ற இடங்களை வெறுமையாக விட்டிருக்கிறது. ஒவ்வொரு இடத்திலும் ஒரு ஆளையாவது போடுங்கள். அட்டைகள் முதல் அரை மணியிலேயே தீர்ந்துவிட்டால் விலை மலிவு. பெரும்பாலும் நீங்கள் பார்க்கப்போவது இதை: உள்ளே நுழைவதற்கு ஏகப்பட்ட ஏற்பாடு, வெளியேறுவதற்கு ஒன்றுகூட இருக்காது. அதனால் மூன்று பேர் ஆடினால் ஆளுக்கு இரண்டு அட்டை கொடுங்கள். குழுவின் ஆறு அட்டைகளில் ஒன்றாவது கட்டடத்துக்கு வெளியே உள்ள இடத்தையோ ஆளையோ பற்றியதாக இருக்க வேண்டும் என்பதையும் விதியாகவே எழுதிவிடுங்கள்.