பார்சல் ஏன் வீட்டு வாசல் வரை வந்து திரும்புகிறது? லேபிளும் போன் நம்பரும்: கேள்வி பதில்

வேளச்சேரி: "எங்க ஃபிளாட் நம்பர் S2. சரியா எழுதித்தான் தர்றேன். ஆனாலும் டெலிவரி பையன் 'S பிளாக் எங்க இருக்கு'ன்னு செக்யூரிட்டிகிட்ட கேட்டுட்டு அப்படியே போயிடுறான். என்ன பண்றது?"

சென்னையில் G1, F2, S2, T3 என்று எழுதுவது நமக்குப் பழக்கம். தரைத்தளம், முதல் மாடி, இரண்டாம் மாடி, மூன்றாம் மாடி என்பதன் ஆங்கில முதல் எழுத்துகள் அவை. இந்த வழக்கம் தெரியாத ஊரிலிருந்து வந்து வண்டி ஓட்டுகிறவருக்கு S என்பது பிளாக் பெயராகத்தான் படும். மூன்று மாடிக் கட்டடத்தில் S பிளாக் இல்லை என்றதும் முகவரி தப்பு என்று போட்டுவிடுகிறார்.

கையால் எழுதினால் இன்னொரு சிக்கலும் சேரும். S2 என்பது 52 ஆகவும், G1 என்பது 61 ஆகவும் படிக்கப்படும். லேபிளைப் பார்த்து யாராவது கணினியில் தட்டும்போது இது அடிக்கடி நடக்கும்.

'ஃபிளாட் S2, இரண்டாம் மாடி' என்று மாடியை வார்த்தையில் எழுதுங்கள். அதைக் கட்டடத்தின் பெயருக்கு முன்னால், முதல் வரியிலேயே போடுங்கள். சில மென்பொருள்கள் நீண்ட முகவரியின் வாலை வெட்டித்தான் லேபிளில் அச்சிடும். ஃபிளாட் எண்ணைக் கடைசியில் எழுதியிருந்தால் முதலில் காணாமல் போவது அதுதான். கட்டடத்துக்குப் பழைய எண், புதிய எண் இரண்டும் இருந்தால் இரண்டையும் 'பழைய', 'புதிய' என்ற சொல்லோடு எழுதுங்கள். வெறுமனே 14/27 என்று எழுதினால் 27ஆம் ஃபிளாட் எது என்று தேடுவார்கள்.

டி.கல்லுப்பட்டிக்கு மகள் பார்சல் அனுப்பிய அம்மா: "பொண்ணு வளைகாப்புக்குப் புடவை அனுப்புனா. தேனி பக்கம் போயி சுத்திட்டு எட்டு நாள் கழிச்சு வந்துச்சு. மதுரை மாவட்டம்னு தெளிவா எழுதியிருந்தா தம்பி."

அம்மா, மகள் லேபிளில் 'கல்லுப்பட்டி' என்று மட்டும் எழுதியிருப்பார் என்று நினைக்கிறேன். மதுரை மாவட்டத்தில் டி.கல்லுப்பட்டி இருக்கிறது, தேனி மாவட்டத்தில் ஜி.கல்லுப்பட்டி இருக்கிறது. ஊர்ப் பெயருக்கு முன்னால் வரும் அந்த ஓரெழுத்துதான் இரண்டையும் பிரிக்கிறது. உள்ளூரில் பேசும்போது அதை யாரும் சொல்வதில்லை, அதனால் எழுதும்போதும் விட்டுப்போகிறது.

மாவட்டத்தின் பெயர் எழுதியும் ஏன் தப்பியது என்றால், பார்சலைப் பிரிக்கிற இடத்தில் முதலில் பார்ப்பது பின்கோடைத்தான். அதன் முதல் மூன்று எண்கள் எந்தப் பகுதிக்கு என்று சொல்லும். கடைசி மூன்று, எந்த அஞ்சலகம் விநியோகிக்கும் என்று சொல்லும். 625 என்பது மதுரைக்கும் தேனிக்கும் பொது. ஆக முதல் மூன்றை வைத்து இரு மாவட்டங்களைப் பிரிக்க முடியாது, கடைசி மூன்றில் ஓர் எண் புரண்டால் போதும். தேனி நகரம் 625531, போடிநாயக்கனூர் 625513. கடைசி இரண்டு எண் இடம் மாறினால் பார்சல் வேறு ஊர் போய்ச் சேரும், யாருக்கும் சந்தேகமும் வராது. இரண்டும் உண்மையான பின்கோடு என்பதால் கணினியும் தப்பு என்று சொல்லாது.

மகளிடம் இப்படி எழுதச் சொல்லுங்கள்:

முதல் வரியில் பெயர், கூடவே கணவர் அல்லது தந்தை பெயர். தெருவில் அதே பெயரில் நாலு பேர் இருப்பார்கள்.
இரண்டாவது வரி: மேலத்தெரு, மாரியம்மன் கோயிலுக்கு வடக்கே மூன்றாவது வீடு, பச்சை கேட்.
மூன்றாவது வரி: டி.கல்லுப்பட்டி, பேரையூர் வட்டம், மதுரை மாவட்டம்.
பின்கோடு தனி வரியில், பெரிய எழுத்தில்.
கடைசியில் இரண்டு போன் நம்பர்.

பின்கோடை நினைவிலிருந்து எழுதாமல் உங்கள் அஞ்சலகத்தில் ஒருமுறை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து டவுனின் பின்கோடை எழுதுவது பலருடைய வழக்கம். அதில்தான் பாதி பார்சல் டவுன் கிளையில் போய் உட்கார்ந்துவிடுகிறது.

"அடையாளம்னா என்ன எழுதணும்? நான் 'பஸ் ஸ்டாப் அருகில்'னு போட்டேன், அதுவும் தப்பாம்."

தப்பில்லை, போதாது. 'அருகில்' என்பது எந்தப் பக்கம், எத்தனை வீடு என்று சொல்வதில்லை. திசையும் எண்ணிக்கையும் வேண்டும்: 'ரேஷன் கடைக்கு எதிர் சந்து, இடப்பக்கம் இரண்டாவது வீடு.' அடையாளமாகச் சொல்லும் இடம் நாளைக்கு மாறாததாக இருக்கட்டும். கோயில், மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி, பள்ளிக்கூடம், ரேஷன் கடை நல்லவை. டீக்கடை மூடிப்போகும். 'முருகன் வீட்டுக்குப் பக்கம்' என்பது உள்ளூர்க்காரருக்கு மட்டுமே பயன்படும். ஆனால் தபால்காரர் உள்ளூர்க்காரர்தான் என்பதால் தபாலில் அனுப்பும்போது வீட்டுப் பட்டப்பெயரைக்கூட எழுதலாம், உடனே கண்டுபிடித்துவிடுவார்.

கோவை, ஊறுகாய் விற்பவர்: "மாசத்துல நாலஞ்சு பார்சல் 'கஸ்டமர் நாட் ரீச்சபிள்'னு திரும்புது. வாங்குனவங்களைக் கூப்பிட்டா 'எங்களுக்கு ஒரு காலும் வரலை'ங்கிறாங்க. யாரு பொய் சொல்றாங்க அண்ணா?"

பல நேரம் யாரும் பொய் சொல்வதில்லை. உங்களிடமிருந்து போன நம்பரே தப்பாக இருக்கலாம். ஆர்டர்களை எக்செலில் வைத்திருக்கிறீர்களா? வாட்ஸாப்பிலிருந்து நகலெடுத்த நம்பரில் முன்னால் 91 ஒட்டிக்கொண்டு மொத்தம் 12 இலக்கம் ஆகிவிடும். எக்செல் அதை ஒரு பெரிய எண்ணாக எடுத்துக்கொண்டு இப்படிக் காட்டும்:

```
9.1988E+11
```

அந்த நிலையில் CSV ஆகச் சேமித்தால், திரையில் தெரிவதுதான் கோப்பில் எழுதப்படும். மீண்டும் திறந்து அந்தக் கட்டத்தைத் தொட்டால், மேலே உள்ள பட்டியில் நம்பர் 919880000000 என்று நிற்கும். கடைசியில் வரிசையாகப் பூஜ்யம் தெரிந்தால் இதுதான் நடந்திருக்கிறது, அந்தக் கோப்பிலிருந்து அசல் நம்பரை மீட்க வழியில்லை. நம்பர் ஒட்டுவதற்கு முன்பே அந்தப் பத்தியை Text என்று மாற்றிவிடுங்கள். பிறகு 91ஐயும் இடைவெளியையும் நீக்கி, மிச்சம் சரியாக 10 இலக்கம்தானா, 6, 7, 8, 9 இவற்றில் ஒன்றில் தொடங்குகிறதா என்று பாருங்கள்.

நம்பர் சரியாக இருந்தும் திரும்புகிறது என்றால் வாங்குபவர் பக்கம் மூன்று இடத்தில் சிக்கல் இருக்கலாம். ரீசார்ஜ் முடிந்து இன்கமிங் நின்றுபோன பழைய சிம். தெரியாத நம்பரைத் தானாகத் துண்டிக்கும் அமைப்பு. மூன்றாவதைத்தான் பலரும் யோசிப்பதில்லை: டெலிவரி செய்பவர் தன் நம்பரிலிருந்து கூப்பிடாமல் நிறுவனத்தின் இடைநிலை நம்பர் வழியாகக் கூப்பிடுகிறார். லேபிளில் உங்கள் வாடிக்கையாளர் நம்பரே அச்சாகியிருக்காது. வெளியூர் எண் போலத் தெரிவதால் எடுக்க மாட்டார்கள். பார்சல் கிளம்பும் நாளில் 'டெலிவரிக்குத் தெரியாத நம்பரிலிருந்து கால் வரும், எடுங்கள்' என்று ஒரு வரி அனுப்பினால் இந்த வகைத் திரும்பல் குறையும்.

அதே கேள்விக்குக் கீழே இன்னொருவர்: "அண்ணா, இதெல்லாம் விடுங்க. பையன் கூப்பிடவே மாட்டான், ராத்திரி மொத்தமா 'கஸ்டமர் இல்லை'ன்னு தட்டிவிடுவான். அதுதான் உண்மை."

அதுவும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எல்லாத் திரும்பலுக்கும் அதையே காரணமாகச் சொன்னால் நம் லேபிளில் உள்ள தப்பைத் தேடவே மாட்டோம். வேறுபடுத்த ஒரு வழி சொல்கிறேன். டிராக்கிங்கில் 'முயற்சி தோல்வி' என்று பதிவான நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளரின் கால் பட்டியலில் அன்று பகலில் தெரியாத நம்பர் ஏதும் வந்ததா என்று கேளுங்கள். எதுவும் இல்லை, பதிவும் இரவு எட்டு, ஒன்பது மணிக்கு என்றால் உங்கள் சந்தேகம் நியாயமானது. அந்த இரண்டு விவரத்தோடு புகார் கொடுத்து மறுமுயற்சி கேளுங்கள். நேரம் இல்லாமல் வெறுமனே 'வரவே இல்லை' என்று எழுதினால் எடுபடாது. பெரும்பாலும் மூன்று முயற்சிக்குப் பிறகு திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதற்குள் இதைச் செய்துவிட வேண்டும்.

துபாயிலிருந்து: "ஊர்ல அம்மாவுக்கு மிக்ஸி ஆர்டர் போட்டேன். ஓடிபி எனக்கு வருது, அம்மாவுக்கு இல்லை. நான் வேலையில இருந்தேன், பார்சல் போயிடுச்சு."

கணக்கில் பதிவான நம்பரும் முகவரியில் உள்ள நம்பரும் வேறு வேறு. ஓடிபி எந்த நம்பருக்குப் போகும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், எனவே ஒரே விதியாக என்னால் சொல்ல முடியாது. அம்மா பெயரில் புது முகவரி சேர்த்து அதில் அவருடைய 10 இலக்க நம்பரையே போடுங்கள். வெளிநாட்டு நம்பரைப் பல தளங்கள் ஏற்காது. ஓடிபி உங்களுக்கே வந்தால், பார்சல் டெலிவரிக்குக் கிளம்பிய அன்று காலையிலேயே அதை அம்மாவுக்குச் சொல்லிவிடுங்கள், வாசலில் பார்சலைக் கண்ணால் பார்த்த பிறகே சொல்ல வேண்டும் என்ற எச்சரிக்கையோடு. அம்மாவின் சிம்முக்கு ரீசார்ஜ் முடிந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

தஞ்சை, மென்பொருள் துறை: "இனிமே டிஜிபின் போட்டா போதுமே? தெருப் பெயரே தேவையில்லை."

பாதி சரி. அஞ்சல்துறை 2025இல் கொண்டுவந்த டிஜிபின் 10 எழுத்து, எண் கொண்ட குறியீடு. ஏறக்குறைய 4 மீட்டருக்கு 4 மீட்டர் சதுரத்தைக் காட்டும். தெருப் பெயர் இல்லாத ஊருக்கு இது நல்ல உதவி. ஆனால் பின்கோடுக்கு மாற்று இல்லை, பார்சலைப் பிரிப்பது இன்னமும் பின்கோடில்தான். மாடியையும் அது சொல்லாது, அடுக்குமாடியில் மேலே மேலே இருக்கும் வீடுகளுக்கெல்லாம் ஒரே குறியீடு வரும். கூரியர் மென்பொருளில் அதற்கென்று கட்டம் இல்லாவிட்டால் அடையாளத்துக்கான கட்டத்தில் எழுதுங்கள். வீட்டுக்குள் உட்கார்ந்து எடுத்தால் ஜிபிஎஸ் பிசகி எதிர்வீட்டைக் காட்டலாம். வாசல் கேட்டில் வானம் தெரிய நின்று எடுங்கள்.

கொல்லிமலை: "எங்க ஊருக்கு கூரியரே வராதுங்க. முகவரி எப்படி எழுதுனா வரும்?"

இது லேபிள் சிக்கல் இல்லைங்க. உங்கள் பின்கோடுக்கு அந்த நிறுவனத்தின் சேவை கிடையாது. எப்படி எழுதினாலும் வராது. அனுப்புகிறவரிடம் ஸ்பீட் போஸ்டில் அனுப்பச் சொல்லுங்கள்.

சேலம்: "பெட்டி மேல போன் நம்பர் எழுதச் சொல்றீங்க. தனியா இருக்கிற பொண்ணுங்க நம்பரை ஊரே பாக்குமே?"

நியாயமான கவலை, இதற்கு என்னிடம் முழுமையான விடை இல்லை. நம்பர் மறைக்கப்பட்ட லேபிளில் பாதுகாப்பு இருக்கிறது. ஆனால் நிறுவனத்தின் செயலி அந்த ஊரில் சிக்னல் இல்லாமல் நின்றால், டெலிவரிக்காரருக்குக் கூப்பிட வேறு வழி இல்லை. சிலர் வீட்டுப் பெரியவர் நம்பரைப் போடுகிறார்கள், சிலர் டெலிவரிக்கென்றே ஒரு தனி சிம் வைத்திருக்கிறார்கள். அந்தச் சிம்மில் இன்கமிங் நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அடுக்குமாடியில் இருந்தால் நம்பருக்குப் பதிலாக 'கேட்டில் இன்டர்காமில் S2 அழைக்கவும்' என்று எழுதுவதும் ஒரு வழி, செக்யூரிட்டி ஒத்துழைத்தால்.