அம்மாவின் படத்தில் தோடும் பொட்டும்: முகம் மாறாமல் சேர்ப்பது எப்படி?

கேள்வி: மறைந்த என் அம்மாவின் நல்ல படம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. காலையில் குளித்துவிட்டு வந்தபோது வீட்டில் எடுத்த 4×6 அங்குல வண்ணப்படம். அதில் தோடும் இல்லை, பொட்டும் இல்லை. மாலை போட்டு மாட்டுவதற்காக ஸ்டுடியோவில் கொடுத்தேன். ஏஐ மூலம் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தார்கள். நகை அழகாக இருக்கிறது, ஆனால் முகம் அம்மாவுடையதாக இல்லை. 1,500 ரூபாய் கேட்கிறார்கள். மறுபடி செய்யச் சொல்லலாமா? வீட்டிலேயே செய்ய முடியுமா? அம்மா அணிந்த மூக்குக் கண்ணாடியையும் சேர்க்கலாமா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: மறுபடி செய்யச் சொல்லுங்கள், ஆனால் அதே முறையில் செய்யச் சொல்லாதீர்கள். "தோடு சேர்" என்று எழுதிக் கேட்கும்போது, இந்தக் கருவிகளில் பெரும்பாலானவை உங்கள் படத்தின் மேல் தோட்டை மட்டும் ஒட்டுவதில்லை. படத்தைப் பார்த்து, தோடு போட்ட இன்னொரு படத்தை முழுவதுமாகப் புதிதாக வரைகின்றன. கண்ணும் உதடும் தாடையும் அந்தப் புது வரைவில் சேர்ந்தே வருவதால், "முகத்தை மாற்றாதே" என்று எத்தனை முறை எழுதினாலும் அது வேண்டுகோளாகத்தான் இருக்குமே தவிர, பூட்டாக இருக்காது. கண்ணிமையின் மடிப்பு சற்று நகர்ந்தாலும், உதட்டோரம் ஒரு இழை உயர்ந்தாலும், அறியாதவருக்கு ஒன்றும் தெரியாது. பெற்ற பிள்ளைக்குத் தெரிந்துவிடும். உங்கள் கண் உங்களை ஏமாற்றவில்லை.

படத்தின் அளவும் ஒரு காரணம். 4×6 அங்குலப் படத்தை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் 2400×3600, அதாவது சுமார் 86 லட்சம் பிக்சல் கிடைக்கும். பல கருவிகள் திருப்பித் தருவதோ ஏறக்குறைய 10 லட்சம் பிக்சல்தான். முகத்தின் நுண்மை அதிலேயே போய்விடுகிறது. பிறகு பெரிதாக்கும்போது இல்லாத தோலையும் சுருக்கத்தையும் கருவி தானாக இட்டு நிரப்புகிறது.

ஆகவே புதுப் படத்திலிருந்து தோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, முகம் முழுவதையும் பழைய ஸ்கேனிலிருந்தே வைத்துக்கொள்வதுதான் சரியான வழி. அதற்கு முழுப் படத்தையும் கருவிக்குக் கொடுக்கவே வேண்டாம். காதையும் அதை ஒட்டிய கன்னம், கழுத்து, கூந்தலையும் மட்டும் 1024×1024 பிக்சல் சதுரமாக வெட்டிக் கொடுங்கள். கண்ணும் வாயும் அந்தச் சதுரத்தில் இல்லாவிட்டால் அவற்றைக் கருவியால் தொட முடியாது. ஜிமிக்கி போலத் தொங்கும் நகையானால் காதுக்குக் கீழே அதற்கு வேண்டிய இடம் விட்டு வெட்டுங்கள். ப்ராம்ப்ட் ஆங்கிலத்தில், பொருளின் வடிவத்தைச் சொல்வதாக இருக்கட்டும்:

```
Add one small round gold stud with a single
red stone at the centre of the earlobe.
Same ear shape, hair, light and film grain.
Do not zoom or shift the picture.
```

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். கருவிகள் படத்தைச் சில பிக்சல் நகர்த்தியோ சற்றே பெரிதாக்கியோ தருவது வழக்கம். எழுதினாலும் சில சமயம் நகரும். காது மடலை நீட்டி வரைவதும் அடிக்கடி நடக்கும். அப்படி வந்ததைத் திருத்தச் சொல்லிக் கேட்காமல், ஒவ்வொரு முறையும் முதல் சதுரத்திலிருந்தே தொடங்குங்கள். திருத்தியதையே மீண்டும் திருத்தினால் ஒவ்வொரு சுற்றிலும் மாற்றம் கூடிக்கொண்டே போகும்.

கிடைத்த சதுரத்தை, இலவசமாகக் கிடைக்கும் GIMP மென்பொருளில் பழைய ஸ்கேனின் மேல் ஒரு லேயராகத் திறந்து, அதே இடத்தில் பொருத்துங்கள். லேயரின் Mode என்பதை Difference ஆக்கினால், இரண்டும் ஒன்றாக உள்ள இடம் கறுப்பாகவும் மாறிய இடம் வெளிச்சமாகவும் தெரியும். தோடு மட்டும் பளிச்சென்று தெரிந்து, மற்ற இடமெல்லாம் மங்கிய புள்ளிகளாக இருந்தால் நல்லது. தாடைக்கோடோ முடிக்கோடோ வெள்ளை இழையாகத் தெரிந்தால் படம் நகர்ந்திருக்கிறது அல்லது மாறியிருக்கிறது. லேயரை ஓரிரு பிக்சல் நகர்த்திப் பார்த்தும் கோடு மறையாவிட்டால் அந்தப் படத்தைத் தள்ளிவிடுங்கள். சரியாக இருந்தால் Mode என்பதை Normal ஆக்கி, லேயரை முழுவதும் மறைக்கும் கறுப்பு லேயர் மாஸ்க் சேர்த்து, வெளியே தெரிய வேண்டிய தோட்டின் மீதும் அதன் கீழ் விழும் சிறு நிழல் மீதும் மட்டும் மென்மையான வெள்ளைத் தூரிகையை ஓட்டுங்கள். அவ்வளவு இடம்தான் புதிது. மற்றதெல்லாம் அம்மாவின் பழைய படமே. நிழலை விட்டுவிட்டால் தோடு ஒட்டி வைத்ததுபோல் தெரியும்.

பொட்டுக்கு ஏஐ தேவையே இல்லை என்பது என் கருத்து. 'bindi' என்று கேட்டால் கல் பதித்த ஸ்டிக்கர் பொட்டு வந்து நிற்பதும் உண்டு. அதே GIMP-இல் புதிய லேயர் திறந்து, அதன் Mode-ஐ Multiply ஆக்கி, அடர்சிவப்பில் ஒரு வட்டம் வைத்து விளிம்பைச் சற்று மங்கலாக்கினால் போதும். தோலின் ஒளியும் நிழலும் அதன் வழியே தெரியும். அளவுக்கு ஒரு வழி சொல்கிறேன். பெரியவர்களின் கருவிழி குறுக்காக ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் இருக்கும். அம்மா வைத்தது 8 மில்லிமீட்டர் பொட்டு என்றால், படத்தில் கருவிழியின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு வையுங்கள். முகம் சற்றுத் திரும்பியிருந்தால் வட்டத்தையும் அதே பக்கமாகக் கொஞ்சம் ஒடுக்க வேண்டும்.

கண்ணாடி இவற்றைவிடக் கடினம். கண்கள் வில்லைக்குப் பின்னால் இருப்பதால், கண்ணாடி வரையும்போது கருவி கண்ணையும் திரும்ப வரைந்துவிடும். முகத்தை நாம் அடையாளம் காண்பதோ பெரிதும் கண்ணால்தான். இங்கும் மாஸ்க் வழியே ஃபிரேமையும் மூக்கில் விழும் மெல்லிய நிழலையும் மட்டும் எடுத்து, வில்லைக்குள் தெரியும் கண்களைப் பழைய படத்திலிருந்தே விடலாம். மெல்லிய பவர் என்றால் பொருந்திவிடும். அம்மா அணிந்தது கனமான கண்ணாடியானால் ஒன்று குறையும்: பிளஸ் பவர் கண்ணைப் பெரிதாகவும், மைனஸ் பவர் சிறிதாகவும் காட்டும், அந்தத் தோற்றம் இந்த முறையில் வராது. உங்கள் நிலையில் நான் கண்ணாடியைத் தவிர்த்து, தோட்டோடும் பொட்டோடும் நிறுத்திக்கொள்வேன்.

பணத்தைப் பற்றி: ஸ்டுடியோவிடம் மேற்சொன்ன முறையில் செய்து, லேயர்கள் பிரியாத ஜேபெக் மட்டும் தராமல் லேயர் உள்ள கோப்பையும் தரக் கேளுங்கள். பழைய ஸ்கேன் அடியில் இருக்கிறதா என்பதை அங்கேயே மேல் லேயரை அணைத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். "முகம் மாறாது" என்பதைப் பில்லிலோ வாட்ஸ்ஆப் செய்தியிலோ எழுத்தில் வாங்கிய பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள். மறுத்தால், பில்லுடன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம். மூலப் படத்தையும் ஸ்கேன் கோப்பையும் எப்படியானாலும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.