ஏலத்தோட்டத்தில் சீசன் முடிந்தால் வேலையில்லாதவரா? தொழிலாளர் கணக்கெடுப்பு பற்றிய கேள்வி-பதில்

கூடலூரிலிருந்து ஜீப்பில் குமுளி மலையேறி ஏலத்தோட்டத்துக்குப் போகிறேன். மழையால் அந்த வாரம் ஒரே நாள்தான் வேலை. என்னை எப்படிக் கணக்கில் எடுப்பார்கள்?

வேலையில் உள்ளவர் என்றுதான். வாரக் கணக்கில், கணக்கெடுப்பாளர் வரும் நாளுக்கு முந்தைய ஏழு நாளைப் பார்ப்பார்கள். அதில் ஏதாவது ஒரு நாளில் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலும் போதும். அதனால் எத்தனை நாள், எத்தனை மணி நேரம் என்று கேட்கும்போது உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். வேலை போதாமல் இருக்கிறது என்பது அந்த மணிக்கணக்கில்தான் தெரியவரும். தோட்டம் கேரளத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் வீட்டில் வைத்துத்தான் எண்ணுகிறார்கள். எனவே தமிழ்நாட்டுக் கணக்கில் சேர்வீர்கள்.

ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை காய் எடுத்தேன். ஜனவரி முதல் மார்ச் வரை கங்காணியிடம் கேட்டும் வேலை இல்லை. பிறகு நான்கு மாதம் வேலை தேடாமல் வீட்டைப் பார்த்துக்கொண்டேன். நான் யார்?

ஆண்டுக் கணக்கா, வாரக் கணக்கா என்பதைப் பொறுத்தது. அறிக்கையில் குழப்பம் வருவதே இந்த இடத்தில்தான்.

ஆண்டுக் கணக்கில் கடந்த 365 நாளை இரண்டு படியாகப் பிரிப்பார்கள். முதல் படியில், வேலை செய்த 5 மாதத்தையும் வேலை தேடிய 3 மாதத்தையும் கூட்டினால் 8 மாதம். வீட்டில் இருந்தது 4 மாதம். 8 பெரியது என்பதால் நீங்கள் தொழிலாளர் படைக்குள் வருகிறீர்கள். இரண்டாம் படியில் அந்த 8 மாதத்தை மட்டும் எடுத்து, 5-ஐயும் 3-ஐயும் ஒப்பிடுவார்கள். வேலை செய்த காலம் அதிகம். ஆகவே வேலையில் உள்ளவர்.

வாரக் கணக்கில் விடை மாறும். அக்டோபரில் வந்து கேட்டால் வேலையில் உள்ளவர். பிப்ரவரியில் கேட்டால் வேலையில்லாதவர். மே மாதம் கேட்டால் தொழிலாளர் படைக்கு வெளியே இருப்பவர்.

உங்கள் மாமியார் சீசனில் மூன்று மாதம் மட்டும் காய் எடுத்து, மீதி ஒன்பது மாதம் வேலை தேடாமல் வீட்டில் இருந்தார் என்று வையுங்கள். ஆண்டில் அதிகக் காலம் எப்படிக் கழிந்தது என்று பார்க்கும் முதன்மை நிலையில் அவர் தொழிலாளர் படைக்கு வெளியே இருப்பவர். ஆனால் 30 நாளோ அதற்கு மேலோ செய்த வேலை துணை நிலையாகச் சேரும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் ஆண்டுக் கணக்கில் அவரும் வேலையில் உள்ளவரே.

2025 ஜனவரியிலிருந்து எடுக்கப்படும் மாதாந்திர மதிப்பீடு வாரக் கணக்கை வைத்தே வருகிறது. அதை ஆண்டுக் கணக்கு எண்ணோடு நேராக ஒப்பிட்டால் தவறான முடிவுக்கு வருவோம்.

மூணாறு எஸ்டேட்டில் நிரந்தர வேலை. காய்ச்சலில் வாரம் முழுக்கப் போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதே காய்ச்சல், ஆனால் தினக்கூலி.

உங்களுக்குத் திரும்பிப் போக ஒரு வேலை இருக்கிறது. நீங்கள் வேலையில் உள்ளவர். தினக்கூலிக்காரருக்கு அப்படி ஒரு வேலை கையில் இல்லை. அந்த வாரத்துக்கு அவரை வேலையில்லாதவர் என்றுகூட எழுதமாட்டார்கள். தொழிலாளர் படைக்கு வெளியே வைப்பார்கள். தினக்கூலிக்காரர்களின் கஷ்டம் வேலையின்மை எண்ணில் முழுதாகத் தெரியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

மனைவி இரண்டு மாடு கறந்து சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறார். சம்பளம் கிடையாது. "வீட்டில்தான் இருக்கிறார்" என்று சொல்லிவிட்டேன். சரியா?

சரியில்லை. குடும்பத் தொழிலில் கூலியில்லாமல் உதவுபவரும் வேலையில் உள்ளவர்தான். சமையல், துணி துவைப்பது, பிள்ளை பார்ப்பது மட்டும் என்றால்தான் வெளியே. இப்படி ஒரு வார்த்தையில் சொல்லிவிடுவதால் பல பெண்களின் உழைப்பு எண்ணிக்கைக்கே வராமல் போகிறது. மாடு, தோட்டம், கடை என்று தனித்தனியாகச் சொல்லுங்கள்.

கொழிஞ்சாம்பாறையில் மகன் அரசு வேலைக்கான பி.எஸ்.சி. தேர்வுக்கு வீட்டிலிருந்து படிக்கிறான். வேலையில்லாதவனா, மாணவனா?

கல்லூரியில் சேர்ந்து படிக்காததால் மாணவன் இல்லை. வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறான், அல்லது கிடைத்தால் போகத் தயார் என்றால் வேலையில்லாதவர். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவதும், தெரிந்தவரிடம் சொல்லி வைப்பதும் தேடுவதுதான். இப்போது எந்த வேலைக்கும் போகமாட்டான் என்றால் வெளியே.

வேலையின்மை விகிதம் குறைந்தால் வேலை கூடியது என்று அர்த்தமா?

கட்டாயமில்லை. ஓர் ஊரில் 15 வயதைத் தாண்டியவர்கள் 100 பேர். வேலையில் 56, தேடுபவர் 4, வெளியே 40 என்று கொள்வோம். விகிதத்தை 100-க்குப் போடக் கூடாது. தொழிலாளர் படையான 60-க்குப் போட வேண்டும். 4-ஐ 60-ஆல் வகுத்தால் 6.7 சதவீதம். தேடிய நால்வரில் இருவர் சலித்துப்போய்த் தேடுவதை நிறுத்தினால், 2-ஐ 58-ஆல் வகுக்க வேண்டும், 3.4 சதவீதம். விகிதம் பாதியாகிவிட்டது, ஒருவருக்கும் வேலை கிடைக்கவில்லை. பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும் இன்னொரு விகிதம், அதாவது 100 பேரில் வேலையில் உள்ளவர் எத்தனை என்பது, 56-லேயே நிற்கும். இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்.