ஸ்ப்ரேயை நிறுத்தினா மூக்கு இன்னும் அதிகமா அடைக்குதே, என்ன பண்றது?

கேள்வி: சளி பிடிச்சப்போ சைலோமெட்டாசோலின் ஸ்ப்ரே அடிக்க ஆரம்பிச்சேன், சளி போயி ரெண்டு மாசமாச்சு. இப்ப மூணு மணி நேரத்துக்கு ஒருதடவை அடிக்கலைன்னா மூச்சே விட முடியல. சைனஸா டாக்டர்?

சைனஸை விட ஸ்ப்ரே மேலதான் எனக்கு சந்தேகம். அது மூக்குக்குள்ள இருக்கிற ரத்தக்குழாயை சுருக்கி வழி திறக்குது, மருந்தோட வேகம் குறைஞ்சதும் அதே குழாய் திரும்ப வீங்குது, நாளாக நாளாக வீக்கம் கூடும், மருந்து வேலை செய்யற நேரம் குறையும். முதல்ல பத்து மணி நேரம் தாங்கினது இப்ப மூணு மணி நேரம்தான்னா அதுவே பெரிய அடையாளம். ஆக்சிமெட்டாசோலின் ஸ்ப்ரேயும் இதே கதைதான். பொதுவா மூணு நாள், மிஞ்சிப் போனா அஞ்சு நாள், அதுக்கு மேல அடிக்கக் கூடாது.

கேள்வி: ஒரே நாள்ல விட்டுடலாமா?

விடலாம், உடம்புக்கு ஆபத்தில்ல, ஆனா முதல் சில ராத்திரி ரொம்ப கஷ்டம், அங்கதான் பலபேர் மறுபடி பாட்டிலைத் தேடுவாங்க. அதனால நான் சொல்றது ஒரு பக்கமா விடற முறை. டாக்டர்கிட்ட கேட்டு ஃப்ளூட்டிகசோன் மாதிரி ஸ்டீராய்டு ஸ்ப்ரேயை முதல்ல ரெண்டு மூக்குலயும் தினமும் ஆரம்பிங்க. இது உடனே திறக்காது, முழுப் பலன் தெரிய ஒண்ணு ரெண்டு வாரம் ஆகலாம், "வேலை செய்யல"ன்னு மூணாம் நாளே தூக்கிப் போட்றாதீங்க. அப்புறம் வலது மூக்குல மட்டும் பழைய ஸ்ப்ரேயை அடியோட நிறுத்துங்க, இடது பக்கம் தேவைப்பட்டா அடிச்சுக்கலாம், மூச்சுக்கு ஒரு வழியாவது இருக்கும். வலது பக்கம் தானா திறந்ததும், பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு வாரத்துல, இடதையும் நிறுத்திடுங்க. உப்புத்தண்ணி ஸ்ப்ரே எத்தனை தடவை வேணா அடிக்கலாம், ராத்திரி தலையை கொஞ்சம் உயர்த்தி படுங்க. நீங்களே உப்புக் கலந்து மூக்கைக் கழுவறதா இருந்தா கொதிக்க வச்சு ஆறின தண்ணிதான்.

கேள்வி: ஸ்டீராய்டு ஸ்ப்ரே அடிச்சா மூக்குல ரத்தம் வருது.

நடுச்சுவரைப் பார்த்து அடிக்கிறீங்கன்னு நினைக்கிறேன். தலையை லேசா குனிஞ்சு, வலது மூக்குக்கு இடது கையால பிடிச்சு, நுனியை வெளிப்பக்கமா, அதாவது காது பக்கமா திருப்பி அடிங்க. பலமா உறிஞ்ச வேண்டாம். அப்படியும் ரத்தம் வந்தா டாக்டரைப் பாருங்க.

கேள்வி: எனக்கு பிபி இருக்கு, ஸ்ப்ரேக்கு பதிலா அடைப்புக்கு மாத்திரை போடலாமா?

சூடோஎஃபெட்ரின், ஃபினைலெஃப்ரின் இருக்கிற மாத்திரையைக் கேக்காம போடாதீங்க, பிபியை ஏத்தும். பழைய ஸ்ப்ரேயும் உங்களுக்கு நல்லதில்ல.

கேள்வி: நிறுத்தி ஒரு மாசமாச்சு, இடது பக்கம் மட்டும் அடைச்சே இருக்கு.

அப்ப இனி ஸ்ப்ரேயை மட்டும் குறை சொல்ல முடியாது. உள்ள நடுச்சுவர் வளைஞ்சிருக்கலாம், பாலிப்னு சொல்ற சதை வளர்ச்சி இருக்கலாம், அலர்ஜியும் இருக்கலாம், முதல்ல ஸ்ப்ரே எடுக்க வச்சதே அதுவாக்கூட இருக்கும். ஒரே பக்கம் அடைப்பு, கூட ரத்தமோ நாத்தமோ இருந்தா தள்ளிப்போடாம காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட காட்டி உள்ள பார்க்கச் சொல்லுங்க.