ஏற்றுமதி ரீஃபண்டில் அதிகாரி வெட்டியது சரியா?

கேள்வி: திருப்பூரில் சின்ன அளவில் பனியன் ஏற்றுமதி செய்கிறோம். எல்யூடி கொடுத்துவிட்டு வரி கட்டாமல் சரக்கு அனுப்புகிறோம். ஏப்ரல் முதல் ஜூன் வரை ஏற்றுமதி இன்வாய்ஸ் மதிப்பு 88 லட்சம் (சிஐஎஃப்). ஷிப்பிங் பில்லில் எஃப்ஓபி 80 லட்சம். உள்ளூரில் 20 லட்சத்துக்கு விற்று, 5 சதவீதம் வரி ஒரு லட்சத்தைக் கிரெடிட்டிலிருந்தே கட்டினோம். அந்த மூன்று மாதத்தில் எடுத்த இன்புட் கிரெடிட் 7,10,000. இதில் புது எம்பிராய்டரி மெஷினுக்கான 1,80,000-மும், ஒரு டையிங் பில்லின் 50,000-மும் அடக்கம். டையிங்காரர் இன்னும் அந்தப் பில்லை ஏற்றவில்லை, எங்கள் GSTR-2B-யில் வரவில்லை. நாங்கள் 5,78,518 கேட்டு RFD-01 போட்டோம். அதிகாரி 3,55,556 மட்டும்தான் தர முடியும் என்று RFD-08 நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். ஏற்றுமதிக்கு வரியே கிடையாது என்றால் கட்டிய வரி முழுக்கத் திரும்ப வர வேண்டாமா?

பதில்: உங்களுக்கு வர வேண்டியது 3,84,000 ரூபாய். நீங்கள் கேட்டது அதிகம், அதிகாரி சொல்வது குறைவு. அவர் செய்த வெட்டுகளில் மூன்று சரி, ஒன்று தவறு. அந்த ஒரு தவறில் உங்களுக்கு 28,444 ரூபாய் போகிறது. அதை விட வேண்டாம்.

முதலில் உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். ஏற்றுமதி என்பது வரிவிலக்கு அல்ல, பூஜ்ய விகித சப்ளை. விலக்குப் பெற்ற பொருளை விற்பவர் வாங்கும்போது கட்டிய வரியைச் செலவாக விழுங்கிக்கொள்ள வேண்டியதுதான். பூஜ்ய விகிதத்தில் விற்பனைக்கு வரி இல்லை, வாங்கியதன் கிரெடிட்டும் உங்கள் கையிலேயே இருக்கும். ஐஜிஎஸ்டி சட்டம் பிரிவு 16 சொல்வது அதைத்தான். ஆனால் "கிரெடிட் உண்டு" என்பதும் "கிரெடிட் முழுவதும் பணமாகத் திரும்பும்" என்பதும் ஒன்றல்ல. எவ்வளவு பணமாகும் என்பதைத் தீர்மானிப்பது சிஜிஎஸ்டி விதி 89(4). நூல் இந்த பனியனுக்குப் போனது, சாயம் அந்த பனியனுக்குப் போனது என்று யாரும் பிரித்துக் காட்ட முடியாது என்பதால், விற்பனை விகிதத்தில் கிரெடிட்டைப் பங்கு போடுகிறது அந்த விதி:

```
ரீஃபண்ட் = ஏற்றுமதி விற்பனை × நிகர கிரெடிட் ÷ சரிசெய்த மொத்த விற்பனை
```

இந்த மூன்று எண்களில் எது தப்பினாலும் விடை தப்பும். உங்கள் விஷயத்தில் ஆளுக்கொரு இடத்தில் தப்பியிருக்கிறது.

நிகர கிரெடிட்டை எடுத்துக்கொள்வோம். மூலப்பொருள், சேவை ஆகிய இரண்டுக்கும் அந்தக் காலத்தில் எடுத்த கிரெடிட் மட்டும்தான் இதில் சேரும். மெஷின் மூலதனப் பொருள். அதன் 1,80,000 இந்தக் கணக்குக்குள் வராது. இதில் வாதாட இடமே இல்லை, விதியின் வாசகமே அப்படி. டையிங் பில்லின் 50,000-மும் வராது. 2B-யில் வராத பில்லுக்குக் கிரெடிட் எடுப்பதே பிரிவு 16(2)(aa)-வின்படி தவறு. ரீஃபண்டுக்கும் 2B-யில் உள்ள பில்கள்தான் கணக்கு என்று 2023 ஜூலை 17-ஆம் தேதியிட்ட 197/09/2023 சுற்றறிக்கை தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆக 7,10,000-இல் இரண்டையும் கழித்தால் 4,80,000.

அந்த 50,000 போய்விட்டது என்று நினைக்காதீர்கள். அடுத்த GSTR-3B-யில் அதைத் திருப்பிவிடுங்கள். வட்டி வந்தாலும், லெட்ஜர் இருப்பு 50,000-க்குக் கீழே எவ்வளவு இறங்கியதோ அந்த அளவுக்கு மட்டும்தான். டையிங்காரர் பில்லை ஏற்றி அது உங்கள் 2B-யில் வரும் மாதத்தில் மறுபடி கிரெடிட் எடுங்கள். பில் பழசாக இருந்தாலும் அது அந்த மாதத்து நிகர கிரெடிட்டில் சேரும், அந்தக் காலத்து ரீஃபண்டில் அதன் பங்கு வந்துவிடும். நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30-ஐ மட்டும் தாண்டவிடக் கூடாது. டையிங்காரரிடம் இதைச் சொல்லியே பில்லை ஏற்ற வையுங்கள்.

அடுத்தது ஏற்றுமதி விற்பனை. நீங்கள் 88 லட்சம் போட்டிருக்கிறீர்கள். 2022 ஜூலை 5-ஆம் தேதி விதி 89(4)-இல் ஒரு விளக்கம் சேர்த்தார்கள்: ஷிப்பிங் பில்லில் உள்ள எஃப்ஓபி மதிப்பு, இன்வாய்ஸ் மதிப்பு, இந்த இரண்டில் எது குறைவோ அதுதான் ஏற்றுமதி மதிப்பு. கப்பல் கூலியும் இன்சூரன்ஸும் சேர்ந்த 88 லட்சம் இங்கே செல்லாது. 80 லட்சம்தான். இதிலும் அதிகாரி சொல்வது சரி.

இனிதான் அவர் தவறிய இடம். நோட்டீஸில் உள்ள 3,55,556 எப்படி வந்தது என்று போட்டுப் பாருங்கள். 80 லட்சத்தை 4,80,000-ஆல் பெருக்கி 108 லட்சத்தால் வகுத்தால் அது வருகிறது. அதாவது மேலே எஃப்ஓபி 80 லட்சத்தை வைத்துவிட்டு, கீழே மொத்த விற்பனையில் அதே சரக்கை 88 லட்சமாக எண்ணி, உள்ளூர் 20 லட்சத்தைச் சேர்த்திருக்கிறார். உங்கள் GSTR-3B-யில் 108 லட்சம் என்று இருப்பதால் அதை அப்படியே எடுத்திருப்பார். ஒரே சரக்குக்கு மேலே ஒரு விலை, கீழே ஒரு விலை இருக்க முடியாது. இதையும் அந்த 197/09/2023 சுற்றறிக்கையே தீர்த்துவைத்திருக்கிறது: விளக்கத்தின்படி எந்த மதிப்பை ஏற்றுமதிக்கு எடுக்கிறோமோ, அதே மதிப்பைத்தான் சரிசெய்த மொத்த விற்பனையிலும் எடுக்க வேண்டும். அப்படியானால் கீழே 80 + 20, அதாவது 100 லட்சம்.

```
80,00,000 × 4,80,000 ÷ 1,00,00,000 = 3,84,000
```

இந்தத் தவறை நோட்டீஸில் கண்டுபிடிப்பது சுலபம். உள்ளூர் விற்பனை கொஞ்சமும் இல்லாத, முழுக்க ஏற்றுமதி மட்டும் செய்யும் யூனிட்டுக்கு விகிதம் சரியாக 1 வர வேண்டும். அங்கேயும் 0.9 என்று வந்தால் கீழே சிஐஎஃப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். உங்களுக்கு 0.80 வர வேண்டிய இடத்தில் 0.74 வந்திருக்கிறது.

சூத்திரத்தோடு விஷயம் முடிவதில்லை. அதில் வந்த தொகை, அந்தக் காலத்துக்கான 3B போட்ட பிறகு லெட்ஜரில் இருந்த இருப்பு, மனுப் போடும் நாளில் உள்ள இருப்பு, இந்த மூன்றில் குறைந்ததுதான் கிடைக்கும். உங்களுக்கு டையிங் 50,000-ஐக் கழித்தாலும் 5,60,000 இருப்பு இருந்தது. அதனால் 3,84,000-க்கு இது தடையில்லை.

சரி, ரீஃபண்ட் போக மீதி 1,76,000 எங்கே நிற்கிறது? மூலப்பொருள் கிரெடிட்டில் உள்ளூர் விற்பனையின் பங்கு 96,000. நீங்கள் கட்டிய உள்ளூர் வரி ஒரு லட்சம். அதில் 96,000 அந்தப் பங்கிலிருந்து போனது என்று வைத்துக்கொண்டால், பாக்கி 4,000 மெஷின் கிரெடிட்டிலிருந்து போயிருக்கிறது. ஆக லெட்ஜரில் மிஞ்சுவது முழுக்க மெஷினின் வரிதான். அது காலாவதியாகாது, ஆனால் இதே வேகத்தில் காலாண்டுக்கு 4,000 வீதம் கரைந்தால் வருடக்கணக்கில் முடங்கிக் கிடக்கும்.

இதற்கு ஒரு வழி உண்டு. எல்யூடி-யில் அனுப்பாமல் ஐஜிஎஸ்டி கட்டி ஏற்றுமதி செய்தால், அந்த வரியை மெஷின் கிரெடிட் உட்பட எந்தக் கிரெடிட்டிலிருந்தும் கட்டலாம். கட்டியதைச் சுங்கத்துறை ஷிப்பிங் பில்லை வைத்தே திருப்பித் தரும். பல ஆலோசகர்கள் இதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுகிறார்கள். உங்கள் எண்களைப் போட்டுப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். 80 லட்சத்துக்கு 5 சதவீதம் 4,00,000. எல்யூடி வழியில் வருவது 3,84,000. வித்தியாசம் ஒரு காலாண்டுக்கு 16,000 மட்டுமே. உள்ளூர் வரிக்குப் போகும் 4,000-ஐயும் சேர்த்தால், 1,76,000 கரைய ஒன்பது காலாண்டுகள் ஆகும். உங்கள் பனியனுக்கு வரி 5 சதவீதம், வாங்கும் பொருளில் ஏறும் வரியும் விற்பனையில் கிட்டத்தட்ட 5 சதவீதம் என்பதால் இந்த வழியில் பெரிய லாபம் இல்லை. வேண்டுமானால் ஒரு முழு மாதத்தை அப்படியே ஐஜிஎஸ்டி வழிக்கு மாற்றுங்கள். ஒரே காலத்தில் இரண்டையும் கலந்தால், ஐஜிஎஸ்டி கட்டிய ஏற்றுமதி சூத்திரத்தின் மேலே வராது, கீழே மட்டும் வரும். கணக்கைச் சரிபார்ப்பதும் அப்புறம் தலைவலி. ஏற்கெனவே எல்யூடி-யில் போன ஜூன் வரைக்குமான சரக்குக்கு இது பொருந்தாது.

இப்போது நோட்டீஸுக்குப் பதில். RFD-09-இல் 15 நாளுக்குள் போட வேண்டும். எல்லாவற்றையும் மறுக்காதீர்கள். மெஷினுக்கும் டையிங் பில்லுக்கும் சண்டை போட்டால் சரியான வாதமும் அதோடு சேர்ந்து அடிபடும். இந்த அளவுக்கு எழுதினால் போதும்:

"மூலதனப் பொருள் கிரெடிட் ரூ.1,80,000, GSTR-2B-யில் வராத பில்லின் கிரெடிட் ரூ.50,000 ஆகியவற்றை நிகர கிரெடிட்டிலிருந்து நீக்குவதையும், ஏற்றுமதி விற்பனையை எஃப்ஓபி மதிப்பில் எடுப்பதையும் ஏற்கிறோம். ஆனால் சரிசெய்த மொத்த விற்பனையில் அதே ஏற்றுமதியை ரூ.88 லட்சமாகச் சேர்த்தது சுற்றறிக்கை 197/09/2023-க்கு முரணானது. அதை ரூ.80 லட்சமாகத் திருத்தி ரூ.3,84,000 அனுமதிக்க வேண்டுகிறோம்."

இதோடு ஷிப்பிங் பில் வாரியாக இன்வாய்ஸ் மதிப்பு, எஃப்ஓபி மதிப்பு இரண்டையும் பக்கம் பக்கமாகக் காட்டும் ஒரு தாளை இணையுங்கள். அதிகாரி கூட்டிப் பார்க்க வசதியாக இருக்கட்டும்.

RFD-01 போட்டபோதே 5,78,518 உங்கள் லெட்ஜரிலிருந்து கழிந்திருக்கும். RFD-06 உத்தரவில் அனுமதிக்காத பகுதி PMT-03 மூலம் லெட்ஜருக்குத் திரும்பி வரும். அதற்கு முன் "மேல்முறையீடு செய்ய மாட்டேன்" என்று உறுதிமொழி கேட்பார்கள். உத்தரவில் 3,84,000 வந்திருந்தால் தயங்காமல் கொடுங்கள். 3,55,556 என்றே வந்திருந்தால் கொடுக்க வேண்டாம். உத்தரவு கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் பிரிவு 107-இன் கீழ் மேல்முறையீடு போடலாம். அது முடியும்வரை திரும்ப வரவேண்டிய தொகை லெட்ஜருக்கு வராமல் நிற்கும். அந்தக் காலத்து உள்ளூர் வரியைக் கட்ட வேறு கிரெடிட்டோ பணமோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.